நிஃப்டி 150 புள்ளி ஏறியது என்றால் யாருக்கு ஏறியது?

"என் மகன் சொல்லி இரண்டு வருடமாக நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் போட்டு வருகிறேன். அதுபோக நான்கைந்து கம்பெனிப் பங்குகள் கையில் இருக்கின்றன. போன வாரம் ஒருநாள் செய்தியில் 'நிஃப்டி 150 புள்ளி உயர்வு' என்றார்கள், என் பங்குகளோ எல்லாமே இறங்கித்தான் இருந்தன. இந்தப் புள்ளி என்பது ரூபாயா? யார், எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? ஏறினால் சந்தோஷப்படணுமா, இறங்கினால் பயப்படணுமா?"
– ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்

புள்ளி ரூபாய் இல்லை, டீச்சர். நிஃப்டி 25,000 என்றால் எங்கேயோ ஏதோ ஒன்று 25,000 ரூபாய்க்கு விற்கிறது என்று அர்த்தமில்லை. 1995 நவம்பர் 3-ஆம் தேதி, தேசியப் பங்குச்சந்தையான என்எஸ்இ-யின் நிஃப்டி பட்டியலில் இருந்த 50 பெரிய கம்பெனிகளின் சந்தை மதிப்பை மொத்தமாகக் கூட்டி, அதற்கு 1,000 என்று ஒரு பெயர் வைத்தார்கள். அன்றைய 1,000 இன்று எவ்வளவு ஆகியிருக்கிறது என்பதுதான் நீங்கள் டிவியில் பார்க்கும் எண். மும்பைப் பங்குச்சந்தையான பிஎஸ்இ-யின் குறியீட்டெண் சென்செக்ஸ், அதற்கு ஆரம்பம் 1978-79, தொடக்க எண் 100. ஆரம்பமும் தொடக்க எண்ணும் வேறு வேறாக இருப்பதால்தான் சென்செக்ஸ் நிஃப்டியைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரிய எண்ணாகத் தெரிகிறது, மற்றபடி அதில் இருக்கும் 30 கம்பெனிகளும் பெரும்பாலும் நிஃப்டியின் 50-க்குள் இருப்பவைதான், இரண்டும் ஒரே நாளில் கிட்டத்தட்ட ஒரே சதவீதம்தான் நகரும். "சென்செக்ஸ் 500 ஏறியிருக்கு, நிஃப்டி வெறும் 150தான்" என்று யாராவது சொன்னால் இரண்டும் ஒரே செய்திதான். (புள்ளி நிஜமாகவே ரூபாயாக மாறும் இடம் ஒன்று உண்டு, எஃப் அண்ட் ஓ என்கிற முன்பேர வர்த்தகம். அங்கே ஒரு லாட் நிஃப்டி ஃபியூச்சர் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் லாட் அளவு ரூபாய் வரும், போகும். அந்தப் பக்கம் உங்களுக்கு வேலை இல்லை.)

சரி, கணக்குக்கு வருவோம். 50 கம்பெனியை வைத்துச் சொன்னால் தலை சுற்றும், மூன்று கம்பெனி வைத்து நாமே ஒரு குறியீட்டெண் செய்து பார்க்கலாம். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கம்பெனி, 'அ' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு 100 கோடி பங்குகள், ஒரு பங்கு 500 ரூபாய். அதில் 40 சதவீதம் கம்பெனியைத் தொடங்கிய குடும்பத்தின் கையில் இருக்கிறது, அதாவது புரமோட்டர் பங்கு. அந்தப் பங்குகள் சந்தைக்கு வராது, தினமும் வாங்கி விற்பதற்கு இல்லை. அதனால் அவற்றைக் கழித்துவிடுகிறோம். மிச்சம் 60 கோடி பங்குகள், 500 ரூபாய் வீதம் 30,000 கோடி. இரண்டாவது கம்பெனி 'ஆ': 50 கோடி பங்குகள், 200 ரூபாய், புரமோட்டர் என்று யாரும் இல்லை, எல்லாமே பொதுமக்களிடமும் ஃபண்டுகளிடமும் இருக்கின்றன. 10,000 கோடி. மூன்றாவது 'இ': 20 கோடி பங்குகள், ஒரு பங்கு 2,000 ரூபாய், ஆனால் 75 சதவீதம் புரமோட்டரிடம். சந்தையில் புழங்குவது 5 கோடி பங்குதான், அதுவும் 10,000 கோடி.

மொத்தம் 50,000 கோடி. இதை 1,000 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு புள்ளிக்கு 50 கோடி. இந்த 50-ஐத்தான் டிவைசர் என்பார்கள், வகுக்கும் எண். இதை மறக்காதீர்கள், பின்னால் திரும்ப வருவோம்.

அடுத்த நாள் 'அ' 3 சதவீதம் ஏறி 515 ஆகிறது. 'ஆ' 2 சதவீதம் இறங்கி 196. 'இ' 3 சதவீதம் இறங்கி 1,940. மூன்றில் இரண்டு இறங்கிவிட்டன, ஒன்றுதான் ஏறியிருக்கிறது. இப்போது கூட்டுங்கள்: 30,900, 9,800, 9,700. மொத்தம் 50,400 கோடி. 50-ஆல் வகுத்தால் 1,008. குறியீட்டெண் 8 புள்ளி ஏற்றம், 0.8 சதவீதம், செய்தியில் "சந்தை உயர்வு" என்று வரும். 'ஆ'வையும் 'இ'யையும் கையில் வைத்திருப்பவர் டிவியைப் பார்த்து, நம்ம பங்கு மட்டும் ஏன் இப்படி என்று கேட்பார். நீங்கள் கேட்டது போலவே.

இதிலேயே இன்னொன்றும் கவனியுங்கள். 'இ'யின் ஒரு பங்கு 60 ரூபாய் இறங்கியது, 'அ' வெறும் 15 ரூபாய்தான் ஏறியது. ஆனால் 'அ' கொடுத்தது 18 புள்ளி, 'இ' எடுத்தது 6 புள்ளி, 'ஆ' எடுத்தது 4. பங்கின் விலை பெரிசாக இருப்பதற்கும் குறியீட்டில் அதன் பலத்துக்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் பழைய முறைப்படி பங்கின் விலையை வைத்தே கணக்கிடப்படுகிறது, அங்கே விலை அதிகமான பங்குக்குத்தான் பலம். நம் ஊரில் அப்படியில்லை. இங்கே சந்தையில் புழங்கும் பங்குகளின் மொத்த மதிப்புதான் பேசும். இதற்கு ஃப்ரீ ஃப்ளோட் முறை என்று பெயர். சென்செக்ஸ் 2003 செப்டம்பரிலும் நிஃப்டி 2009 ஜூனிலும் இதற்கு மாறின, அதற்கு முன்பு புரமோட்டர் பங்கையும் சேர்த்தே கூட்டினார்கள்.

இந்தப் புரமோட்டர் கழிவு எவ்வளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும் என்பதற்கு நிஜமான உதாரணம் டிசிஎஸ்ஸும் எச்டிஎஃப்சி பேங்கும். 2024 தொடக்கத்தில் மொத்தச் சந்தை மதிப்பில் டிசிஎஸ்தான் பெரியது, சுமார் 14 லட்சம் கோடி. எச்டிஎஃப்சி பேங்க் அதற்குப் பின்னால்தான். ஆனால் டிசிஎஸ்ஸில் ஏறக்குறைய 72 சதவீதம் டாடா சன்ஸ் வசம். எச்டிஎஃப்சி பேங்கில், 2023 ஜூலையில் தாய் நிறுவனமான எச்டிஎஃப்சியோடு நடந்த இணைப்புக்குப் பிறகு, புரமோட்டர் என்றே யாரும் இல்லை. விளைவு, அப்போது நிஃப்டியில் டிசிஎஸ்ஸின் வெயிட்டேஜ், அதாவது மொத்தத்தில் அதன் கனம், சுமார் 4 சதவீதம், எச்டிஎஃப்சி பேங்குக்குப் பத்துக்கு மேல். இதையே எல்ஐசி-க்குப் பொருத்திப் பாருங்கள். 2022 மே மாதம் பட்டியலிடப்பட்டபோது நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று அது, ஆனால் 96.5 சதவீதம் மத்திய அரசிடம். சந்தையில் புழங்குவது சிறு துளிதான். நம் வீட்டுக்கு வீடு பாலிசி வைத்திருக்கும் கம்பெனி நிஃப்டியில் ஏன் இல்லை என்று பலர் கேட்பதுண்டு, முக்கியக் காரணம் இதுதான்.

இப்போது ஒருநாளை எடுத்துக் கிட்டத்தில் பார்ப்போம். 2024 ஜனவரி 17, புதன்கிழமை. முந்தைய நாள் மாலை எச்டிஎஃப்சி பேங்க் தன் காலாண்டு முடிவை வெளியிட்டது. லாபம் ஒன்றும் மோசமில்லை, ஆனால் கடன் கொடுத்த வேகத்துக்கு டெபாசிட் சேரவில்லை என்பது முதலீட்டாளர்களை உறுத்தியது. மறுநாள் அந்த ஒரு பங்கு 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நிஃப்டி 460 புள்ளி இறங்கி 21,571.95-இல் முடிந்தது, சதவீதத்தில் 2.09. சென்செக்ஸில் 1,628 புள்ளி. மாலைச் செய்திகளில் "பங்குச்சந்தை கடும் வீழ்ச்சி" என்று சிவப்பு எழுத்தில் ஓடியது.

அந்த 460-இல் எச்டிஎஃப்சி பேங்கின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போடுவது சுலபம். வெயிட்டேஜை விலை மாற்றச் சதவீதத்தால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்று அதன் வெயிட்டேஜ் சுமார் 13 சதவீதம். 13 சதவீதத்தில் 8 சதவீதம் என்றால் 1.04 சதவீதம். முந்தைய நாள் நிஃப்டி 22,032. அதில் 1.04 சதவீதம் கிட்டத்தட்ட 229 புள்ளி. ஆக, மொத்த வீழ்ச்சியில் பாதி ஒரே ஒரு வங்கியின் ஒரே ஒரு காலாண்டு அறிக்கையால் வந்தது. மிச்சத்தில் பெரும்பகுதி, 'இவங்களுக்கே இப்படின்னா' என்று மற்ற வங்கிகளையும் விற்றதால் வந்தது. அதே நாளில் பெரிய ஐடி பங்குகள் ஏறவே செய்தன. இன்ஃபோசிஸ் வைத்திருந்த ஒருவருக்கு அது நல்ல நாள், டிவியைப் பார்க்காமல் இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ஆகவே "சந்தை விழுந்தது" என்று கேட்டதும் நான் முதலில் பார்ப்பது, விழுந்தது எல்லாமா அல்லது பாரமான இரண்டு மூன்றா என்பதைத்தான். அதற்கு என்எஸ்இ இணையதளத்திலேயே எத்தனை பங்குகள் ஏறின, எத்தனை இறங்கின என்ற எண்ணிக்கை தினமும் கிடைக்கும். நிஃப்டி 0.6 சதவீதம் ஏறி, மொத்தச் சந்தையில் இறங்கிய பங்குகள் ஏறியவற்றைவிட இரண்டு மடங்கு இருந்தால், அது சில பெரிய கம்பெனிகளின் ஏற்றம், சந்தையின் ஏற்றம் இல்லை. நீங்கள் சொன்ன 150 புள்ளி நாள் அந்த ரகமாகத்தான் இருக்க வேண்டும். உங்கள் கையில் இருக்கும் பங்குகளின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அவை நிஃப்டி 50-இல் இல்லாத நடுத்தர, சிறு கம்பெனிகளாக இருந்தால் நிஃப்டி அவற்றை ஏறெடுத்தும் பார்க்காது, அவை பாதியாகக் குறைந்தாலும் அந்த எண்ணில் ஒரு புள்ளிகூட அசையாது. அவற்றுக்கு மிட்கேப், ஸ்மால்கேப் என்று தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன, ஒப்பிடுவதானால் அவற்றோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, புள்ளியை வைத்துப் பயமுறுத்தும் விஷயம். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. 2024 ஜூன் 4, மக்களவைத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை நாள். சென்செக்ஸ் 4,389 புள்ளி சரிந்தது. அதுவரை ஒரே நாளில் அவ்வளவு புள்ளி விழுந்ததே இல்லை, "வரலாறு காணாத வீழ்ச்சி" என்றார்கள். புள்ளிக் கணக்கில் அது உண்மைதான். ஆனால் முந்தைய நாள் சென்செக்ஸ் 76,468-இல் இருந்தது, அதிலிருந்து 4,389 என்றால் 5.74 சதவீதம். 2020 மார்ச் 23-ஐ நினைத்துப் பாருங்கள், கொரோனா பயம் உச்சத்தில் இருந்த திங்கட்கிழமை. அன்று விழுந்தது 3,934 புள்ளி. எண் சிறியது, ஆனால் முந்தைய நிலை 29,915 மட்டுமே, ஆக 13.15 சதவீதம். அன்று காலை 10 சதவீதம் இறங்கியதுமே வர்த்தகத்தை 45 நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். இன்னும் பின்னால் போனால், பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி விவகாரம் வெடித்த 1992 ஏப்ரலில், 28-ஆம் தேதி, சென்செக்ஸ் விழுந்தது வெறும் 570 புள்ளி. சதவீதத்தில் 12.77. கொரோனா நாளுக்குச் சமமான அடி. சென்செக்ஸ் 80,000-ஐ ஒட்டி நிற்கும்போது 570 புள்ளி என்றால் 0.7 சதவீதம், சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

குறியீட்டெண் பெரிதாக ஆக ஒவ்வொரு புள்ளியின் கனமும் குறைந்துகொண்டே போகும், "வரலாறு காணாத" என்ற தலைப்பும் அடிக்கடி வந்துகொண்டேதான் இருக்கும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான், புள்ளியைக் காதில் வாங்காமல் பக்கத்தில் சிறிதாகப் போடும் சதவீதத்தை மட்டும் பாருங்கள். அரை சதவீதம், முக்கால் சதவீதம் எல்லாம் அன்றாட அசைவு. அதற்குத் தினமும் ஒரு காரணம் சொல்வார்கள், "அமெரிக்க வட்டி விகித எதிர்பார்ப்பு", "லாபப் பதிவு" என்று, பல நாட்களில் அந்தக் காரணம் சந்தை முடிந்த பிறகு தேடிப் பிடித்ததுதான்.

ஜூன் 4-ஐப் பற்றி இன்னொரு தலைப்பும் ஓடியது: முதலீட்டாளர்களுக்கு 31 லட்சம் கோடி இழப்பு. இதைப் படித்துவிட்டு அவ்வளவு பணம் எங்கே போனது, யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று எனக்கு அன்று நிறையப் பேர் போன் செய்தார்கள். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நம் 'அ' கம்பெனியையே பாருங்கள். அது ஒருநாள் 15 ரூபாய் இறங்குகிறது என்று வையுங்கள். அன்று கைமாறியது ஒரு கோடி பங்குகளாக இருக்கலாம். ஆனால் அந்த 15 ரூபாயை மொத்தம் இருக்கும் 100 கோடி பங்குகளோடும் பெருக்கி, புரமோட்டர் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதையும் சேர்த்து, 1,500 கோடி இழப்பு என்று எழுதுவார்கள். கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலையை, விற்காதவர்கள் எல்லோர் தலையிலும் கட்டிப் போடும் கணக்கு அது. விற்றவருக்கு இழப்பு நிஜம், விற்காதவருக்கு அன்றைய மதிப்பீடு குறைந்திருக்கிறது. அதோடு இந்த 31 லட்சம் கோடி, பிஎஸ்இ-யில் பட்டியலிடப்பட்ட எல்லாக் கம்பெனிகளுக்கும் சேர்த்து, சென்செக்ஸின் 30-க்கு மட்டும் அல்ல. மூன்றே நாளில், ஜூன் 7 வெள்ளிக்கிழமை, சென்செக்ஸ் 76,693-இல் முடிந்தது, விழுவதற்கு முன் இருந்ததைவிட மேலே. எப்போதும் இப்படி உடனே திரும்பும் என்று சொல்லவில்லை, 2020-இல் மாதக்கணக்கில் ஆனது.

இப்போது அந்த டிவைசருக்குத் திரும்பி வருவோம், ஏனென்றால் குறியீட்டெண்ணை நம்பலாமா என்ற சந்தேகத்துக்கு விடை அதில்தான் இருக்கிறது. பட்டியல் அப்படியே இருப்பதில்லை. நிஃப்டியை நடத்துவது என்எஸ்இ-யின் துணை நிறுவனமான என்எஸ்இ இண்டிசஸ். அவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், சில கம்பெனிகளை எடுத்துவிட்டுச் சிலவற்றைச் சேர்க்கிறார்கள். நம் மூன்று கம்பெனிப் பட்டியலில், 1,008-இல் முடிந்த அன்று மாலை 'இ'யை நீக்கிவிட்டு 20,000 கோடி ஃப்ளோட் உள்ள 'ஈ'யைச் சேர்க்கிறோம் என்று வையுங்கள். மொத்தம் 50,400-இலிருந்து 9,700 போய் 20,000 வந்து 60,700 கோடி ஆகிவிடும். பழைய 50-ஆலேயே வகுத்தால் மறுநாள் காலை எந்தப் பங்கும் அசையாமலேயே குறியீடு 1,214-க்குக் குதிக்கும். அது பொய்யான ஏற்றம். அதனால் 60,700-ஐ 1,008-ஆல் வகுத்து, புது டிவைசராக 60.22 என்று மாற்றிக்கொள்வார்கள். மறுநாள் கணக்கு 1,008-இலிருந்தே தொடங்கும். உரிமைப் பங்கு வெளியீடு, பங்குகளைக் கம்பெனியே திரும்ப வாங்குவது போன்றவற்றுக்கும் இதே வேலைதான். போனஸ், ஸ்ப்ளிட் என்றால் விலை பாதியாகிப் பங்கு இரட்டிப்பாகும், மதிப்பு மாறாது, டிவைசரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை.

இதில் வேடிக்கையான சம்பவம் ஒன்று. 2023 ஜூலை 20 அன்று ரிலையன்ஸிலிருந்து ஜியோ ஃபைனான்ஷியல் தனியாகப் பிரிந்தது. முந்தைய நாள் ரிலையன்ஸ் 2,841.85-இல் முடிந்திருந்தது. பிரிந்த பிறகு அதன் விலை என்ன என்று கண்டுபிடிக்க அன்று காலை சிறப்பு ஏலம் நடத்தினார்கள், 2,580 வந்தது. வித்தியாசமான 261.85 ரூபாயை ஜியோ ஃபைனான்ஷியலின் விலையாக எடுத்துக்கொண்டார்கள். அந்தப் புதுப் பங்கு இன்னும் சந்தைக்கே வரவில்லை, ஆனாலும் அதை நிலையான விலையில் குறியீட்டுக்குள் உட்கார வைத்தார்கள், இல்லாவிட்டால் ரிலையன்ஸின் அந்த 9 சதவீத இறக்கம் நிஃப்டியையும் சும்மா இழுத்துப் போட்டிருக்கும். அதனால் நிஃப்டி 50-இல் சில வாரங்களுக்கு 51 கம்பெனிகள். ஆகஸ்ட் 21 அன்று அந்தப் பங்கு பட்டியலிடப்பட்டபோது, நிஃப்டி அதை நீக்கப்போகிறது என்பதால் இண்டெக்ஸ் ஃபண்டுகள் எல்லாம் விற்க வரிசையில் நின்றன, தினமும் கீழ் வரம்பில் 5 சதவீதம் இறங்கி உறைந்தது, வாங்க ஆள் கிடைக்காமல் நீக்கும் தேதியைத் தள்ளிப் போட வேண்டியதாயிற்று. உங்கள் ஃபண்டும் இப்படித்தான் குறியீட்டுக்குப் பின்னாலேயே ஓடுகிறது.

இந்த ஆள்மாற்றத்தால் இன்னொரு விளைவும் உண்டு, அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. தேய்ந்துபோன கம்பெனியை நிஃப்டி வெளியே அனுப்பிவிடும். எஸ் பேங்க் ஒரு காலத்தில் நிஃப்டியில் இருந்தது. ரிசர்வ் வங்கி அதன் மீது கட்டுப்பாடு விதித்த அதே 2020 மார்ச்சில் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. விழுந்தவரைக்கும் உள்ள அடியை நிஃப்டி வாங்கிக்கொண்டது நிஜம், ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பங்கு எப்படிக் கிடந்தாலும் நிஃப்டிக்குக் கவலையில்லை. கையில் வைத்திருந்தவர் அப்படி நீக்கிவிட முடியுமா? என்றாவது ஏறும் என்று வைத்துக்கொண்டேதான் இருப்பார். பத்து வருடத்தில் நிஃப்டி எவ்வளவோ ஏறியது, என் பங்குகள் ஏறவில்லையே என்று வருபவர்களின் பட்டியலை வாங்கிப் பார்த்தால், பாதிப் பேரிடம் இப்படி நிஃப்டி எப்போதோ கழற்றிவிட்ட ஏதாவது ஒரு பங்கு கிடக்கும்.

சிறிய சந்தேகம் ஒன்றும் தீர்த்துவிடுகிறேன், இது உங்களுக்கும் வந்திருக்கும். மாலை 3.30-க்கு டிவியில் தெரிந்த எண் ஒன்று, மறுநாள் பேப்பரில் வேறொன்று, சில நேரம் இருபது முப்பது புள்ளிகூட வித்தியாசம். ஏமாற்று இல்லை. நெடுங்காலமாக என்எஸ்இ-யில் ஒரு பங்கின் முடிவு விலை என்பது கடைசியாக நடந்த ஒரு வியாபாரத்தின் விலை அல்ல, 3 மணி முதல் 3.30 வரை நடந்தவற்றின் சராசரி, அதிகம் கைமாறிய விலைக்கு அதிகக் கனம் கொடுத்து. கடைசி நிமிடத்தில் யாராவது ஒருவர் பெரிய ஆர்டர் போட்டு விலையை இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தச் சராசரி விலைகளை வைத்துக் குறியீட்டை மறுபடி கணக்கிடுவார்கள், அதுதான் அதிகாரப்பூர்வ முடிவு. கடைசி அரை மணியில் சந்தை வேகமாக ஓடிய நாட்களில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

அப்புறம் ஈவுத்தொகை. டிவியில் காட்டும் நிஃப்டி விலையை மட்டும்தான் பார்க்கிறது. ஒரு கம்பெனி டிவிடெண்ட் கொடுத்தால் அந்த அளவுக்குப் பங்கு விலை இறங்கும், அந்த இறக்கம் நிஃப்டியில் பதிவாகும், கைக்கு வந்த பணம் பதிவாகாது. அதையும் சேர்த்து, திரும்ப அதே பங்குகளில் போட்டதாக வைத்துக் கணக்கிடும் இன்னொரு நிஃப்டி இருக்கிறது, டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ், சுருக்கமாக டிஆர்ஐ. வருடத்துக்கு ஒன்றேகால் சதவீதம் போலத்தான் வித்தியாசம், ஆனால் வருடக்கணக்கில் சேர்ந்தால் எங்கேயோ போய்விடும். சாதாரண நிஃப்டி 25,000-ஐ ஒட்டி இருந்தபோது டிஆர்ஐ 35,000-க்கு மேல் இருந்தது. 2018 பிப்ரவரியிலிருந்து மியூச்சுவல் ஃபண்டுகள் தங்களை டிஆர்ஐ-யோடுதான் ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபியின் விதி. அதற்கு முன்பு சாதாரண நிஃப்டியோடு ஒப்பிட்டு, டிவிடெண்டால் வந்ததையும் தங்கள் சாமர்த்தியமாகக் காட்டிக்கொண்ட ஃபண்டுகள் நிறைய.

சந்தோஷமா பயமா என்று கேட்டீர்கள். மாதம் 5,000 போடுபவருக்கு ஒரு நாளின் 0.6 சதவீதம் என்ன செய்யும் என்று பாருங்கள். இரண்டு வருடத்தில் நீங்கள் போட்டது 1,20,000 ரூபாய், ஏற்ற இறக்கமெல்லாம் போக அதே அளவே இருக்கிறது என்று வைத்தாலும், அந்த 150 புள்ளி உங்கள் கணக்கில் 720 ரூபாய் சேர்த்திருக்கும். அடுத்த நாள் 0.6 சதவீதம் இறங்கினால் ஏறக்குறைய அது போய்விடும். தவணை நாளன்று இறங்கியிருந்தால் அந்த 5,000-க்கு 30 ரூபாய் அளவுக்குக் கூடுதல் யூனிட் கிடைக்கும். இதற்காகத் தினமும் டிவி முன்னால் உட்கார வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணம் அடுத்த ஒரு வருடத்தில் ஏதாவது செலவுக்குத் தேவைப்படும் என்றால் விஷயம் வேறு, 2020 மார்ச் போன்ற மாதம் ஒன்று குறுக்கே வந்தால் காத்திருக்க உங்களுக்கு நேரம் இருக்காது, அந்தத் தொகையை இப்போதே வங்கி டெபாசிட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஃபண்டின் மாதாந்திர அறிக்கையில் ஃபண்டின் ஒரு வருட வருமானமும் நிஃப்டி 50 டிஆர்ஐ-யின் ஒரு வருட வருமானமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஃபண்ட் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கும், ஏனென்றால் அவர்களுக்குச் செலவு உண்டு. அந்த வித்தியாசம் அவர்கள் சொல்லும் செலவு விகிதத்தை ஒட்டி, உதாரணமாக 0.2 சதவீதச் செலவுக்கு 0.25 அல்லது 0.3 பின்தங்கல் என்று இருந்தால் சரி. முக்கால் சதவீதம், ஒரு சதவீதம் என்று பின்தங்கினால் அந்த ஃபண்ட் தன் ஒரே வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம், அதே நிஃப்டியைப் பின்தொடரும் வேறு ஃபண்டுகளின் வித்தியாசத்தையும் எடுத்துப் பார்த்துவிட்டு, மகனிடம் சொல்லிப் புதுத் தவணைகளை அங்கே மாற்றச் சொல்லுங்கள். அடுத்த முறை எழுதும்போது அந்த நான்கைந்து பங்குகளின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.